மொட்டையில் வெளிச்சம் விழும் இடம்
(படம் திருத்தும் மேசை - 9)

நடிகருக்கு மொட்டை பொருந்துமா என்று, கத்தி வைப்பதற்கு முன்பே பார்த்துவிட விரும்பும் இயக்குநர்கள் உண்டு. அப்படி என் மேசைக்கு வந்த படம் இது. இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், வலப்பக்கம் மஞ்சள் சுவர், அடர்ந்த சுருட்டை முடி.

முதல் கேள்வி, முடிக்குக் கீழே மண்டை எங்கே முடிகிறது என்பது. முடியின் விளிம்பையே மண்டையின் விளிம்பாக வைத்துத் தோல் நிறம் பூசினால் தலை ஊதிப்போகும். நேராகப் பார்க்கும் முகத்தில் மோவாய்க்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் கண்கள் இருக்கும். இந்தப் படத்தில் மோவாயிலிருந்து கண் வரை 640 பிக்சல். எனவே உச்சியும் கண்ணுக்கு மேலே 640இல்தான். முடியோ 760 வரை எழும்பியிருந்தது. மிச்சமிருந்த 120 பிக்சலுக்குப் பின்னணிச் சுவரை வரைந்து நிரப்பினேன். காமிரா மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

அடுத்து நிறம். நெற்றித் தோலை எடுத்து மேலே ஒட்டினேன். தலையில் ரப்பர் தொப்பி மாட்டியதுபோல் இருந்தது. காரணம் எளிது. நெற்றி வருடக்கணக்கில் வெயில் பட்டது. மண்டைத் தோல் முடிக்குள் ஒளிந்திருந்தது. அதனால் சற்று வெளுத்திருக்கும். அதேசமயம் மழித்த முடியின் வேர்கள் தோலுக்கடியில் கருத்துத் தெரிவதால் சாம்பல் கலந்த நீலம் படரும். புதிய லேயரில் செம்மையைக் குறைத்து, அந்தச் சாம்பலை மெல்லப் பூசி, மேலே கொஞ்சம் Noise தூவினேன். முடி தொடங்கிய கோட்டை முழுதும் அழிக்கக் கூடாது. புதிதாக மழித்த தலையில் அந்த எல்லை மங்கலாகத் தெரியத்தான் செய்யும்.

பலர் மறப்பது நிழலை. முடியை எடுத்தும், அது நெற்றியிலும் காதின் மேலும் போட்ட நிழல் அப்படியே இருந்தது. கண்ணுக்குக் காரணம் பிடிபடாது, ஆனால் ஏதோ இடறும். அந்த நிழலை வெளுத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக, மண்டையின் வளைவோடு புதிய நிழலைப் போட்டேன்.

மினுக்கத்துக்கு வழிகாட்டி கண்மணிதான். ஜன்னலின் பிம்பம் அதில் இடப்பக்கம் மேலே இருந்தது. மினுக்கம் ஒளி வரும் திசைக்கும் காமிரா இருக்கும் திசைக்கும் நடுவே பார்த்து நிற்கும் தோலில்தான் விழும். ஆகவே உச்சியில் அல்ல, நெற்றிக்கு மேலே இடப்புறச் சரிவில். கண்ணில் கூர்மையாக இருக்கும் பிம்பம் தோலில் பரவி, நுண்துளைகளால் உடைந்து தெரியும். வெள்ளையாக ஒரே பொட்டு வைத்தால் அது பீங்கான். மென்மையான தூரிகையால் பூசி, இடையிடையே அழித்தேன். பிறகு வலப்பக்க விளிம்பில் மஞ்சள் சுவரின் சாயலை லேசாக ஏற்றினேன். அதுவரை வெட்டி ஒட்டியதுபோல் நின்ற தலை, அந்த மஞ்சள் ஏறியதும் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.