நிஃப்டி ஃபியூச்சர்ஸ்: இடைவெளி தெரிகிறது, லாபம் இருக்கிறதா?

நிஃப்டி 25,000 புள்ளியில் இருக்கிறது. முதிர்வுக்கு 30 நாள் பாக்கியுள்ள அதன் ஃபியூச்சர்ஸ் 25,170-ல் வர்த்தகமாகிறது. 'பிரீமியம் 170 புள்ளி, சந்தை மேலே போகும் என்று எதிர்பார்ப்பு' என்று யாராவது சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர், 'பங்குகளை இங்கே வாங்கி ஃபியூச்சர்ஸை அங்கே விற்றால் 170 புள்ளி சும்மா கிடைக்குமே' என்பார். இரண்டு பேரும் தவறு. அந்த 170-ல் பெரும்பகுதி வட்டி. மிச்சமிருப்பது செலவுக்கே போதாது.

நிஃப்டியின் 50 பங்குகளையும் இன்று அதே விகிதத்தில் வாங்க வேண்டுமென்றால் முழுப் பணமும் கையில் வேண்டும். அந்தப் பணத்தை அரசின் கருவூல பில்லில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். ஆண்டுக்கு 6.5% என்று வைத்துக்கொண்டால், 25,000-க்கு 30 நாள் வட்டி ஏறக்குறைய 134 புள்ளி. ஃபியூச்சர்ஸ் வாங்குபவர் முழுப் பணத்தை முடக்குவதில்லை, மார்ஜின் மட்டுமே கட்டுகிறார். ஆகவே அந்த வட்டியை விலையில் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். இன்னொரு பக்கம், பங்கை வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் வரும், ஃபியூச்சர்ஸ் வாங்கியவருக்கு வராது. இந்த 30 நாளில் வரப்போகும் டிவிடெண்டுகள் குறியீட்டுக் கணக்கில் 20 புள்ளி என்றால், அதைக் கழிக்க வேண்டும்.

நியாய மதிப்பு = 25,000 + 134 − 20 = 25,114.

சந்தை ஏறுமா இறங்குமா என்ற கேள்வியே இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏறும் என்று நினைப்பவர்கள் அதிகமானால் அது 25,000 என்ற குறியீட்டிலேயே ஏறியிருக்கும்.

ஃபியூச்சர்ஸ் 25,170 என்றால் நியாய மதிப்பைவிட 56 புள்ளி கூடுதல். இதைப் பிடிக்க நினைப்பவர் 50 பங்குகளையும் டெலிவரியில் வாங்கி, ஃபியூச்சர்ஸை விற்று, முதிர்வு நாள்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு என்ன செலவாகும்? பங்கு வாங்கும்போது பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்.டி.டி., 0.1%. அது 25 புள்ளி. முத்திரை வரி 0.015%, கிட்டத்தட்ட 4 புள்ளி. கடைசியில் பங்குகளை விற்கும்போது மறுபடி எஸ்.டி.டி. 0.1%, இன்னொரு 25. ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான எஸ்.டி.டி. 2024 அக்டோபரில் 0.0125 சதவிகிதத்திலிருந்து 0.02 ஆனது. அந்த விகிதத்தில் 5 புள்ளி. ஆக, வரி மட்டும் 59. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், தரகு, ஜி.எஸ்.டி., வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே நழுவும் பைசாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 21 என்று வைத்தால் மொத்தம் 80 புள்ளி. 56-ஐப் பிடிக்க 80 செலவழித்தால் 24 புள்ளி நஷ்டம்.

ஆகவே நியாய மதிப்பை ஒற்றை எண்ணாகப் பார்க்காமல் ஒரு பட்டையாகப் பார்க்க வேண்டும். இந்த உதாரணத்தில் மேல் விளிம்பு 25,194, கீழ் விளிம்பு 25,034. இந்த இரண்டுக்கும் நடுவே ஃபியூச்சர்ஸ் எங்கே நின்றாலும், விலையைச் சரிக்கட்ட யாருக்கும் லாபக் காரணம் கிடையாது. விலை அதன் இஷ்டத்துக்கு அலையலாம்.

ஃபியூச்சர்ஸ் 25,240-க்குப் போனால் கதை வேறு. நியாய மதிப்புக்கு மேலே 126 புள்ளி, செலவு போக 46 மிச்சம். ஒரு கோடி ரூபாய்க்கு 18,400 ரூபாய், அதுவும் 6.5% வட்டிக்கு மேலே. ஆனால் இதே வேலையை 8% வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்பவருக்கு வட்டிச் செலவு 134 அல்ல, 164. அவருடைய மிச்சம் 16 புள்ளிதான். சந்தைக்கென்று பொதுவான ஒரு பட்டை கிடையாது. மலிவாகப் பணம் கிடைப்பவருக்குக் குறுகலாகவும் மற்றவர்களுக்கு அகலமாகவும் இருக்கும். திரையில் தெரியும் விலையைக் கட்டிப்போடுவது அந்தக் குறுகலான பட்டைக்காரர்தான்.

அவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முதிர்வில் பங்குகளை விற்காமல், அடுத்த மாத ஃபியூச்சர்ஸுக்கு ரோல் ஓவர் செய்துவிடலாம். அப்போது பங்குகளின் மீதான 0.2% எஸ்.டி.டி. மறுபடி விழாது, ஃபியூச்சர்ஸ் பக்கச் செலவு மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சில புள்ளி இடைவெளியே போதும், புதிதாக நுழைபவருக்கு 80 வேண்டும். பெரிய இடைவெளிகள் நம் கண்ணில் படும் முன்பே காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கீழ் விளிம்பில் நிலைமை அவ்வளவு ஒழுங்கில்லை. ஃபியூச்சர்ஸ் மலிவாக இருந்தால் அதை வாங்கிப் பங்குகளை விற்க வேண்டும். கையில் இல்லாத பங்கை விற்று மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது, கடன் வாங்கியாக வேண்டும். பங்குகளைக் கடன் தரும் திட்டம் 2008-லிருந்து இருந்தாலும், ஐம்பது பங்குகளையும் நினைத்த அளவில், நினைத்த நேரத்தில் அதில் திரட்டுவது லேசான காரியமில்லை. கடன் கட்டணம் ஆண்டுக்கு 1% என்றாலே மேலும் 20 புள்ளி போய்விடும். பங்குகளை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களால்தான் இதைச் சுலபமாகச் செய்ய முடியும். பதற்றமான நாள்களில் அவர்களும் ஒதுங்கிக்கொண்டால், ஃபியூச்சர்ஸ் கீழ் விளிம்புக்கும் கீழே கிடக்கும். 1987 அக்டோபர் சரிவின்போது அமெரிக்காவில் எஸ் அண்டு பி 500 ஃபியூச்சர்ஸ் ஆழமான டிஸ்கவுண்டுக்குப் போனது. குறியீட்டு ஆர்பிட்ராஜுக்குத் தன் தானியங்கி ஆர்டர் அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று நியூயார்க் பங்குச் சந்தை கேட்டுக்கொண்டிருந்தது. பங்குப் பக்கத்துக்கு வழி அடைபட்டபோது, இடைவெளியை மூட ஆள் இல்லை.

கணக்கு சரியாக இருந்தும் சறுக்கும் இடங்கள் உண்டு. ஃபியூச்சர்ஸை விற்றபின் நிஃப்டி 1,000 புள்ளி ஏறினால், பங்குகளில் அதே அளவு லாபம் இருக்கும், ஆனால் காகிதத்தில். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தையோ தினமும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரொக்கம் இல்லாதவர் நடுவழியில் கடையை மூட நேரிடும். முதிர்வு நாளும் கவனம் கேட்கும். இறுதி விலை என்பது கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல. ஒவ்வொரு பங்குக்கும் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரியை வைத்துக் குறியீட்டின் இறுதி மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். அதனால் ஆர்பிட்ராஜ் செய்பவர் அந்த அரை மணியில் ஐம்பது பங்குகளையும் துண்டு துண்டாக, சீரான வேகத்தில் விற்றுக்கொண்டே வருவார். மொத்தத்தையும் மூன்று மணிக்கே தள்ளிவிட்டால், அதன்பின் சந்தை ஏறும் ஒவ்வொரு புள்ளியும் அவர் 46-லிருந்து கழியும்.

சிறு முதலீட்டாளருக்கு இதில் லாபம் இல்லை என்பதே என் முடிவு. 0.2% டெலிவரி வரியைத் தாண்டும் இடைவெளி அவருக்காகக் காத்திருக்காது. ஐம்பது பங்குகளையும் சரியான விகிதத்தில் வாங்கும் அளவு பணமும் அவரிடம் இருக்காது. ஆனால் செய்தியைச் சரியாகப் படிக்க இந்தக் கணக்கு உதவும். நம் நிறுவனங்களின் டிவிடெண்ட் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை குவிகிறது. முதிர்வுக்கு 10 நாள் இருக்கும்போது வட்டி 45 புள்ளி, வரவேண்டிய டிவிடெண்ட் 60 புள்ளி என்றால், ஃபியூச்சர்ஸ் 15 புள்ளி டிஸ்கவுண்டில் இருப்பதுதான் நியாய மதிப்பு. ஜூலையில் 'நிஃப்டி ஃபியூச்சர்ஸ் டிஸ்கவுண்டில், சந்தைக்கு ஆபத்து' என்று யாராவது சொன்னால், முதிர்வுக்கு முன் எந்தெந்த நிறுவனங்களின் டிவிடெண்ட் தேதி வருகிறது என்று முதலில் பாருங்கள்.