சோலார் ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வந்தால்

மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள் காலையில் காபியோடு பார்ப்பது செல்போனில் இருக்கும் அந்த ஆப்பைத்தான். நேற்று எத்தனை யூனிட், இப்போது எத்தனை கிலோவாட் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒருநாள் திடீரென்று ‘Offline’ என்று வந்தால் பகீரென்கிறது. பேனல் போய்விட்டதோ என்று பதறி, சோலார் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அநேகமாகப் பேனலும் நன்றாக இருக்கும், இன்வெர்ட்டரும் நன்றாக இருக்கும். இன்வெர்ட்டரின் அடிப்பக்கத்தில் செருகியிருக்கும் வைஃபை டாங்கிள்தான் வீட்டு ரூட்டரைத் தவறவிட்டிருக்கும்.

டாங்கிள் துண்டித்துப் போனாலும் மின்சாரம் உற்பத்தியாவது நிற்காது. யூனிட் கணக்கை இன்வெர்ட்டர் தன்னிடமே வைத்திருக்கிறது. டாங்கிள் அதை எடுத்துச் சொல்கிற ஆள் மட்டுமே. இணைப்பு திரும்பியதும் மொத்த யூனிட் எண் சரியாகவே வரும். இடைப்பட்ட நேரத்துக்கு வரைபடத்தில் ஓட்டை விழலாம், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் மாடிக்கு ஏறி இன்வெர்ட்டரின் திரையையே பார்த்துவிடலாம்.

ஆப் நேராக இன்வெர்ட்டரோடு பேசுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. டாங்கிள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, பல மாடல்களில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்வெர்ட்டரிடம் கணக்குக் கேட்கிறது. கிடைத்ததை வைஃபை வழியாக ரூட்டரிடம் கொடுக்கிறது. ரூட்டர் அதை இணையத்தின் வழியே கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. ஆப் காட்டுவது அந்த சர்வரில் கடைசியாகப் பதிவான எண்ணை. ஆக, அறுந்துபோகக்கூடிய கண்ணிகள் மூன்று. எது அறுந்தது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். நம்மில் பலர் முதலில் கை வைப்பது ரீசெட் பட்டனில். அதை நீண்ட நேரம் அழுத்தினால் டாங்கிளில் இருக்கும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். முன்பு பாதிக் கோளாறாக இருந்தது முழுக் கோளாறாகிவிடும்.

எல்லா டாங்கிளும் ஒரே மாதிரி இல்லை. இங்கே பல பிராண்டு இன்வெர்ட்டர்களோடு வரும் சோலார்மேன் வகை ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். மற்றவற்றில் விளக்கின் நிறமும் முகவரியும் மாறலாமே தவிர, வழி இதேதான்.

டாங்கிளைச் செருகுவதற்கு முன், அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அந்த ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதில் டாங்கிளின் வரிசை எண்ணும் PWD என்ற பாஸ்வேர்டும் இருக்கும். ஆப்பில் சேர்க்க வேண்டியது இந்த எண்தான். இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் இன்வெர்ட்டர் எண் அல்ல. பிறகு டாங்கிளை நேராகச் செருகி, அதன் வளையத்தைக் கையால் இறுக்க வேண்டும். வளையம் தளர்ந்திருந்தால் முதல் மழையிலேயே உள்ளே ஈரம் இறங்கும். பக்கத்தில் இருக்கும் பேனல் ஒயர்களைத் தொடாதீர்கள். அவற்றில் பகலில் சில நூறு வோல்ட் டிசி ஓடும்.

சூரியன் நன்றாக இருக்கும் நேரத்தில், அதாவது இன்வெர்ட்டர் விழித்திருக்கும்போது, செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் AP_ என்று தொடங்கி டாங்கிளின் எண்ணோடு முடியும் ஒரு பெயர் தெரியும். ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டு அதில் சேருங்கள். ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று போன் சொல்லும். உண்மைதான், அங்கே இணையம் இருக்காது. ஆனால் சில போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாதியில் நின்றுபோகும் பல இணைப்பு முயற்சிகளுக்கு இதுதான் காரணம். அதனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு பிரவுசரில் கீழ்க்கண்ட முகவரியைத் தட்டினால் டாங்கிளின் சொந்தப் பக்கம் திறக்கும். பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் admin, admin.

```
http://10.10.100.254
```

இதே வேலையை ஆப்பே செய்துகொடுக்கும். ஆனால் இந்தப் பக்கத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பின்னால் கோளாறு தேடுவது சுலபம். இதிலுள்ள Wizard பகுதிக்குப் போய் வீட்டு வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைத் தட்டிச் சேமித்தால் டாங்கிள் மறுபடி தொடங்கி ரூட்டரைத் தேடும். சில நிமிடங்கள் கழித்து ஆப்பில் டாங்கிளின் எண்ணைச் சேர்த்தால் கணக்கு வரத் தொடங்கும்.

வீட்டு வைஃபை அந்தப் பட்டியலில் தெரியவே இல்லையா? டாங்கிளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். இப்போது வரும் ஃபைபர் ரூட்டர்கள் 2.4, 5 என்ற இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகின்றன. இதில் சில டாங்கிள்கள் குழம்பிப்போகும். ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுவது நல்லது. பாதுகாப்பு முறை WPA3 மட்டும் என்று இருந்தால் பழைய டாங்கிளால் உள்ளே நுழைய முடியாது. WPA2-க்கு மாற்ற வேண்டும். பெயரிலும் பாஸ்வேர்டிலும் இடைவெளி, விசித்திரக் குறியீடுகள் வேண்டாம்.

இனி துண்டிப்புக்கு வருவோம். டாங்கிளில் NET, COM, SER என்று சிறு விளக்குகள் இருக்கும். COM இன்வெர்ட்டரோடு உள்ள பேச்சைக் காட்டும், NET ரூட்டரோடு உள்ளதை, SER சர்வரோடு உள்ளதை. COM அணைந்திருந்தால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. டாங்கிள் சரியாக உட்காரவில்லை, அல்லது பின்னில் ஈரமோ களிம்போ இருக்கிறது, அல்லது அந்த இன்வெர்ட்டருக்கு உரிய டாங்கிளே அது இல்லை. COM எரிந்து NET அணைந்திருந்தால் சிக்கல் மாடிக்கும் ரூட்டருக்கும் இடையில். NET எரிந்து SER மட்டும் அணைந்திருந்தால் வீட்டு இணையமே போயிருக்கலாம், அல்லது கம்பெனி சர்வர் படுத்திருக்கலாம். கீழே வந்து யூடியூப் ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால் சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதே மேல்.

விளக்கு எதுவும் எரியவில்லை, நேரமும் இரவு என்றால் அது கோளாறே அல்ல. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்களில் பல பேனலிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் விழித்திருக்கும். பொழுது சாய்ந்தால் அவையும் தூங்கும், டாங்கிளும் தூங்கும். இரவு 8 மணிக்கு ‘ஆஃப்லைன்’ என்று வந்து காலையில் தானாகச் சரியானால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பகலில் கரண்ட் போனால் கதை கொஞ்சம் வேறு. பேனல் இருப்பதால் டாங்கிள் விழித்திருக்கும், கீழே ரூட்டர்தான் அணைந்திருக்கும். அந்த நேரத்தில் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் பாதுகாப்புக்காக உற்பத்தியை நிறுத்திவிடும் என்பதால், ஆப்பில் விழும் ஓட்டையில் பெரிதாக எதுவும் தொலைவதில்லை.

அதிகம் பேரைப் படுத்துவது NET விளக்குதான். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு. ரூட்டர் கீழே ஹாலில், டிவி அலமாரிக்குள். இன்வெர்ட்டர் மொட்டை மாடியில், மாடிப்படி அறையின் வெளிச்சுவரில். டாங்கிள் ஒரு மணி நேரம் இணைவதும் அடுத்த மணி நேரம் விடுவதுமாக இருக்கிறது. COM விடாமல் எரிகிறது, NET வந்து வந்து போகிறது. டாங்கிளின் பக்கத்தைத் திறந்து Status பகுதியில் Signal Quality என்ற வரியைப் பார்த்தால் 14 சதவீதம். இரண்டு கான்கிரீட் தளம், அவற்றுக்குள் கம்பிவலை, அதற்கு மேல் இன்வெர்ட்டரின் உலோக உடம்பு. இவ்வளவையும் தாண்டி வந்த சிக்னல் அது. இதில் டாங்கிளை மாற்றினாலும் பலன் இருக்காது.

வீட்டுக்காரர் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மொட்டை மாடிக் கதவருகே மாட்டினார். எல்லோரும் செய்வது இதைத்தான், ஆனால் இடம் தப்பு. அங்கே ரிப்பீட்டருக்கே நல்ல சிக்னல் கிடைக்காதபோது, அது எதைத் திருப்பிச் சொல்லும்? நல்ல சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றினார். மாடிப்படி வழியாகத் தளத்தில் திறப்பு இருப்பதால் சிக்னல் மேலேறுவதற்கும் அதுவே வசதியான வழி. அப்படியும் Signal Quality 14-ஐத் தாண்டவில்லை. ரிப்பீட்டர் தன் வைஃபைக்குப் பழைய பெயரோடு _EXT என்று ஒட்டி வைத்திருந்ததுதான் காரணம். டாங்கிள் அந்தப் பெயரை அறியாமல் கீழ்வீட்டு ரூட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. Wizard-க்குப் போய் புதுப் பெயரைக் கொடுத்ததும் 60-ஐத் தாண்டியது.

அதற்குப் பிறகும் சில மாலைகளில் விட்டுப்போனது. படிக்கட்டு ஸ்விட்ச்போர்டில் விளக்கோடு சேர்த்து ரிப்பீட்டரின் ஸ்விட்சையும் யாரோ அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு டேப்பை ஸ்விட்ச் மேல் ஒட்டியதில் அது தீர்ந்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் அடியோடு நின்றது என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் யாராவது வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார்களா, புது ஃபைபர் இணைப்பு வந்ததா? டாங்கிள் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு மாடி ஏறவே வேண்டாம். புது ரூட்டரின் 2.4 வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே, எழுத்து மாறாமல், வைத்துவிடுங்கள். டாங்கிள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதே தந்திரம் டாங்கிளைச் சோதிக்கவும் உதவும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை 2.4-ல் வைத்து, அதற்கு வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, வீட்டு ரூட்டரைச் சற்று நேரம் அணைத்துவிட்டு, டாங்கிளின் அருகே போனைப் பிடியுங்கள். சில நிமிடத்தில் மூன்று விளக்கும் எரிந்தால் டாங்கிள் நல்லது, குறை ரூட்டரிலோ தூரத்திலோ இருக்கிறது. பக்கத்தில் பிடித்தும் NET எரியவில்லை என்றால், அப்போது ரீசெட் செய்து புதிதாக அமையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வாரண்டியைத் தேடலாம்.

டாங்கிளை மாற்றும்போதோ, நிறுவியவர் தொழிலை விட்டுப் போகும்போதோ இன்னொரு சிக்கல் தலைகாட்டும். உங்கள் கணக்கில் எண்ணைச் சேர்க்கப் போனால் ‘ஏற்கெனவே வேறொருவரிடம் உள்ளது’ என்று ஆப் மறுக்கும். நிறுவியவர் தன் கணக்கில் உங்கள் வீட்டைப் பதிந்து, பார்க்கும் உரிமையை மட்டும் உங்களுக்குக் கொடுத்திருப்பார். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளர் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் போனை எடுக்கிற வேகம் குறையும்.

வைஃபை எட்டவே எட்டாத மாடி என்றால், டாங்கிள் கம்பெனிகளிடம் லேன் கேபிள் செருகும் வகையும் சிம் கார்டு போடும் வகையும் கிடைக்கின்றன. ஒரு கேபிளை மாடிக்கு இழுக்க முடிந்தால் என் தேர்வு லேன்தான். போட்டபின் அதை மறந்தே விடலாம். சிம் வகைக்கு ரூட்டரே தேவையில்லை என்பது சௌகரியம். ஆனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீரும் தேதியை யார் நினைவில் வைத்திருப்பது என்பதை வாங்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஆப் ‘Offline’ என்று மட்டும்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது.