பொழுது சாயும்போது வரும் பதற்றம்

மறதி நோய் வந்த பெரியவர்களில் பலர் காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. அறைக்கும் வாசலுக்குமாக நடப்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், தடுத்தால் கையை ஓங்கவும் செய்வார்கள். பகல் முழுவதும் கூடவே இருந்து களைத்த குடும்பத்தினர் இதை வீம்பு என்று எடுத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் இதில் வீம்பு எதுவும் இல்லை. நோயும் அந்த நேரத்துச் சூழலும் சேர்ந்து உண்டாக்கும் பதற்றம் இது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் உடலுக்கு இரவு பகலை உணர்த்திக்கொண்டிருக்கிறது. அல்சைமர் நோயில் அந்தப் பகுதியும் பழுதாவதால் தூக்கமும் விழிப்பும் முறை தவறுகின்றன. அதோடு, இன்ன இடம், இன்ன ஆள் என்று ஒவ்வொன்றையும் சிரமப்பட்டே புரிந்துகொள்ள வேண்டிய மூளை, மாலைக்குள் அயர்ந்துவிடுகிறது. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணும் ஏமாற்றுகிறது. கொடியில் தொங்கும் சட்டை ஆள் நிற்பதுபோலவும், வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளம்போலவும் தெரியும். வீட்டில் இரைச்சல் கூடுவதும் இதே வேளையில்தான். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், குக்கர் விசில் அடிக்கும், தொலைக்காட்சியில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். தொடரில் வரும் சண்டையைத் தன் வீட்டில் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிற நோயாளிகளும் உண்டு.

இந்த நோயில் சற்றுமுன் நடந்தது மறந்துவிடும், ஆனால் அது தந்த உணர்ச்சி தங்கும். மதியம் ஒருவர் அதட்டியது நினைவில் இருக்காது, அதட்டலில் பிறந்த பயம் மட்டும் மாலைவரை உள்ளே கிடக்கும். வாதாடி ஜெயித்தாலும் பராமரிப்பவருக்குப் பலன் இல்லாமல் போவது இதனால்தான். வாதம் மறந்துபோய் மனக்கசப்பு மட்டும் மிஞ்சும். மறுபக்கம், பல்லாண்டுகள் கை பழகிய வேலைகள் வெகுநாள் அழியாமல் இருக்கும். மகளின் பெயரை மறந்த தாய் பூத் தொடுப்பார். தேதி தெரியாதவர் வேட்டியைச் சரியாக மடிப்பார். அன்றாட ஒழுங்கைக் கட்ட வேண்டிய இடம் இந்தப் பழக்கங்கள்தான்.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். எழுபதைக் கடந்த மாமியார், கிராமத்தில் மாடு கன்றோடு வாழ்ந்தவர், இப்போது நகரத்து அடுக்குமாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். ஐந்து மணியானால் இரண்டு புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் பார்க்கிறார். "இருட்டிக்கிட்டு வருது, வீட்டுக்குப் போகணும், மாடு கத்தும்" என்கிறார். "இதுதான் உங்க வீடு, மாட்டை வித்து இருபது வருஷம் ஆச்சு" என்று மகன் சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்கிறது.

இங்கே முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம். பதற்றம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், எதைச் செய்தபோது தணிந்தார் என்று ஒரு வாரம் குறித்துவந்தால் போதும். அதோடு அன்றைய தூக்கம், சாப்பாடு, தண்ணீர், மலம் கழித்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்த வீட்டின் குறிப்பில் தெரியவந்தவை மூன்று. மதியம் மூன்றரை மணிவரை தூங்கிய நாள்களில் பதற்றம் கூடியிருந்தது. இரண்டு நாள் மலம் கழிக்காதிருந்தபோது அது உச்சத்தில் இருந்தது. அவர் மூட்டை கட்டத் தொடங்குவது பெரும்பாலும் மருமகள் சமையலறைக்குள் போய், கூடம் இருண்டு, அவர் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான்.

இதை வைத்து அந்த வீட்டின் பகல்பொழுது மாற்றி அமைக்கப்பட்டது. காலை எழும் நேரம் ஆறரை என்று நிலையானது. எழுந்ததும் காபியோடு பால்கனியில் அரை மணி நேரம் வெயில்படும் இடத்தில் உட்காருவார், காலை வெளிச்சம் குழம்பிய உடல் கடிகாரத்துக்கு உதவும். குளியல், மருத்துவரிடம் போவது போன்ற சிரமமான காரியங்கள் எல்லாம் அவர் தெளிவாக இருக்கும் காலையிலேயே முடிந்துவிடும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு மணிக்குப் படுத்தால் முக்கால் மணி நேரத்தில் மெதுவாக எழுப்பிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ கிடையாது, கேட்டால் சூடான பால். தாகத்தை அவரே உணர்ந்து கேட்பது அரிதாகிவிட்டதால், கண்ணில் படும்படி வெறுமனே தண்ணீர் வைத்துவிட்டுப் போகாமல் ஒருவர் டம்ளரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் செய்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போகிறார்கள். உணவில் கீரையும் பழமும் கூடின. மலச்சிக்கலுக்கு மருத்துவர் மருந்தும் தந்தார்.

முக்கியமான மாற்றம் நான்கு மணிக்கு மேல். சிற்றுண்டி கொடுத்து, மொட்டை மாடியில் இருபது நிமிடம் மெல்ல நடந்துவிட்டு வருகிறார்கள். இருட்டுவதற்கு முன்பே, ஐந்து மணிக்கே, கூடத்து விளக்குகள் எல்லாம் எரியும், ஜன்னல் திரைகள் மூடப்படும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே வேற்றாள் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்தத் திரை மிகவும் அவசியம். தொலைக்காட்சி அணைந்திருக்கும். சமையலறையை ஒட்டிய மேசையில் அவர் முன்னால் ஒரு முறம் மொச்சை. உரித்ததில் பாதி தோலோடு சேர்ந்து போனாலும் யாரும் திருத்துவதில்லை. வேலை முடிய வேண்டும் என்பதற்காக அது தரப்படவில்லை, மருமகள் கண்ணெதிரே இருக்க, தான் வீட்டுக்கு ஆகிற ஆள் என்ற உணர்வோடு அந்த ஒரு மணி நேரம் கழிய வேண்டும் என்பதற்காகத் தரப்படுகிறது. இதனால் பதற்றம் முற்றிலும் நின்றுவிடவில்லை. தினமும் வந்தது வாரத்தில் ஓரிரு நாளாகக் குறைந்தது, வந்தாலும் விரைவில் தணிந்தது. இந்த நோயில் அதுவே பெரிய ஆறுதல்.

அப்படியும் பதற்றம் மூண்டுவிடும் நாளில் பேசும் முறைதான் நிலைமையைத் தீர்மானிக்கிறது. பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அவர் திடுக்கிடுவார். முன்பக்கமாக, ஒரு கை நீளத்துக்கும் சற்றுத் தள்ளி வந்து, அவர் உட்கார்ந்திருந்தால் தானும் உட்கார்ந்து, கண் மட்டத்தில் பேச வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் விலகிவிடுவது நல்லது. வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். சொன்னபின் பதிலுக்குக் குறைந்தது பத்து விநாடி காத்திருக்க வேண்டும், அதற்குள் வேறு சொற்களில் மறுபடி கேட்டால் குழப்பம் இரட்டிப்பாகும்.

மாடு கத்தும் என்கிறவருக்குத் தேவைப்படுவது மாட்டைப் பற்றிய உண்மைத் தகவல் அல்ல. "மாட்டை நினைச்சுக் கவலையா இருக்கா அத்தை?" என்று மருமகள் கேட்டால் அவர் மனம் ஒரு துணையைக் கண்டுகொள்கிறது. "அதுக்குப் பேரு என்ன? எவ்வளவு பால் கறக்கும்?" என்று பேச்சு நகர்ந்து, "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று இருவரும் மாடிப்படிவரை போய்த் திரும்பினால் பெரும்பாலும் மூட்டை கீழே இறங்கிவிடும். இறந்துபோன கணவரைத் தேடுகிறவரிடமும் இதே வழிதான். அவர் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்வது, அந்தச் சாவை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிப்பதாகும். அவரைப் பற்றிப் பேச வைப்பதே போதும். பணத்தைத் திருடிவிட்டாய் என்று பழி வந்தால், இல்லை என்று சாதிப்பதைவிட "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்பது பலன் தரும். அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவர் கையாலேயே எடுக்கும்படி விட வேண்டும். அந்தப் பழி மருமகளைக் குறித்த தீர்ப்பு அல்ல. தானே வைத்ததை மறந்த மூளை, பொருள் காணாமல் போனதற்கு ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது, அவ்வளவே. இதை உறவினர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது பராமரிப்பவருக்குச் செய்யும் நியாயம்.

கை ஓங்கினால் பிடித்து அமுக்கக் கூடாது, அறையில் போட்டுப் பூட்டவும் கூடாது. கத்தி, அடுப்பு, திறந்த வாசல் போன்ற ஆபத்துகள் அருகில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பராமரிப்பவர் ஐந்து பத்து நிமிடம் விலகிப்போய்த் திரும்பி வருவது மேல். வெளியே போகும் பழக்கம் உள்ளவர்களின் கையில் தொலைபேசி எண் பொறித்த வளையம் இருக்க வேண்டும். அண்மையில் எடுத்த படம் ஒன்று வீட்டாரின் கைபேசியில் இருக்கட்டும்.

எந்த ஒழுங்குக்கும் அடங்காத பதற்றத்துக்குப் பின்னால் உடல் நோவு இருக்கலாம். பல்வலி, மூட்டுவலி, செருப்புக் கடி எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர், தொட்டால் கத்துவார், உட்கார மறுப்பார், முகத்தைச் சுளிப்பார். இன்னொன்று இதைவிட அவசரமானது. ஓரிரு நாளில், அல்லது சில மணி நேரத்தில், திடீரென்று குழப்பம் மிகுந்தால், மாறி மாறித் தெளிவும் மயக்கமுமாக இருந்தால், வழக்கத்துக்கு மாறாக அரைத்தூக்கத்தில் கிடந்தால், அதை மறதி நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து, கவனிக்காமல் விட்ட ஒரு விழுகை ஆகியவை இப்படி வெளிப்படும். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாமல் போகலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை இது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும், தூக்கம் வரவைக்கும் பழைய வகை சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் குழப்பத்தை அதிகமாக்கும், இரவில் விழவைக்கும். மனநோய்க்கான மருந்துகளை மறதி நோயாளிகளுக்குத் தருவது மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. லூயி உடல் மறதி நோய் என்ற வகையில் அவை உடலை விறைக்கவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லாத ஆட்களும் விலங்குகளும் தெளிவாகத் தெரிவதும், நடை தளர்ந்து கை நடுங்குவதும் அந்த வகையின் அடையாளங்கள், அவை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனக்கோ பிறருக்கோ கேடு செய்துகொள்ளும் அளவுக்குப் பதற்றம் போனால் மட்டுமே, மிகக் குறைந்த அளவில் மருத்துவர் இவற்றைத் தொடங்குவார். தொடங்கினால் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்த்து, தொடர வேண்டுமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்குக் குடும்பத்தினர் எடுத்துப்போக வேண்டியவை இரண்டு: அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், மணி வாரியாக எழுதிய அந்த நோட்டுப் புத்தகமும்.