இரண்டு கதை முடிந்ததும் போன் அணையட்டும்

வேலைக்குப் போகும் அம்மா அப்பாவிடம் "குழந்தை கையில் போனே கொடுக்காதீர்கள்" என்று சொல்வது எளிது. மாலை ஆறரைக்கு வீடு திரும்பி, ஒரு பக்கம் குக்கர் வைத்து, மறுபக்கம் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு அவ்வளவு கடுமையானதும் அல்ல. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும், குறைந்தால் இன்னும் நல்லது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் வீடியோ காலில் பேசுவதைக் குழந்தை மருத்துவர்கள் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஒரு மணி நேரம் பெற்றோரால் ஓரளவு சமாளிக்கக்கூடியதுதான். போனைத் திரும்ப வாங்கும் நேரத்தில்தான் வீடு ரெண்டுபடுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் ஹினிக்கர் என்பவரும் அவர் குழுவினரும் ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளின் வீடுகளில் இதே விஷயத்தைத்தான் கவனித்து, 2016இல் எழுதினார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே எச்சரிப்பது நல்ல பழக்கம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி எச்சரித்தபோது அழுகையும் அடமும் கூடின என்பதுதான் அவர்கள் கண்டது. பார்க்கும் படம் தானாக முடிந்தாலோ, கருவியே அணைந்துவிட்டாலோ, தினமும் அதே நேரத்தில் அதே போல நிறுத்தினாலோ குழந்தைகள் அதிகம் சண்டையிடாமல் எழுந்து போனார்கள். சில டஜன் குடும்பங்களை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது. ஆனாலும் குழந்தை வளர்க்கும் எவரும் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். போனை அம்மா பிடுங்கினால் அம்மாவோடு சண்டை போடலாம். கதை முடிந்துவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

சிக்கல் என்னவென்றால், யூடியூபில் எதுவும் முடிவதில்லை. ஒன்று முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கிறது. அதனால் நிமிடத்தைக் கணக்கிடுவதைவிட முடிவை ஏற்பாடு செய்வதே மேல். அமைப்புகளில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இன்னும் உறுதியான வழி, இரண்டே கதைகளை டவுன்லோடு செய்து, ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுப்பது. யூடியூப் கிட்ஸ் செயலியில் பூட்டுப் படத்தைத் தொட்டால் டைமர் இருக்கிறது. நேரம் ஆனதும் செயலியே பூட்டிக்கொள்ளும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் குளித்துத் தலைவாரும்போது ஒரு கதை, பதினைந்து நிமிடம். மாலை ஆறே முக்காலுக்கு, சமையல் நேரத்தில், பன்னிரண்டு நிமிடக் கதை இரண்டு. ஆக மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இரண்டாவது கதை முடிந்ததும் குழந்தைக்கு ஒரு வேலை காத்திருக்க வேண்டும். பட்டாணி உரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, அப்பா வந்தால் மாடிக்குப் போவது என எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தினமும் அதே வேலையாக இருப்பது முக்கியம். முதல் சில நாட்கள் குழந்தை அழும். அப்போது மனம் இளகி மூன்றாவது கதையைப் போட்டுக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் பாட்டியிடமும், "அத்தை, ரெண்டு கதை முடிஞ்சா போதும், அதுவே நின்னுடும்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் சண்டை மிச்சம்.

சாப்பாட்டு நேரத்திலும் தூங்கப்போகும் நேரத்திலும் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தை வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை. வாயில் வைத்ததை மெல்லாமல் விழுங்குகிறது. ஆனால் மூன்று வேளையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் தோற்றுவிடுவீர்கள். நீங்கள் கூடவே உட்கார முடிகிற இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள். அரை மணி நேரம் வரை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும், பரவாயில்லை. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணைந்திருக்கட்டும், ஹாலில் யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் சேர்த்து. அது ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவதே குறைந்துவிடுகிறது.

காய்ச்சல் நாளிலும் நீண்ட ரயில் பயணத்திலும் கணக்கு மீறும். மீறட்டும், மறுநாள் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுங்கள்.

இந்த விதிகளால் சரியாகாதது ஒன்று உண்டு. இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையை, "போனால்தான் இப்படி, நிறுத்தினால் சரியாகும்" என்று மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். போனையும் குறையுங்கள், அதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கச் சொல்வார்.