பழுது வீட்டுக்குள்ளா, வெளிக் கம்பியிலா?

செம்புத் தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு அடிக்கடி அறுந்தால், பழுது வீட்டு வயரிங்கிலும் இருக்கலாம், தெருக் கேபிளிலும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்பதை மோடத்தின் நிலைப் பக்கத்தில் உள்ள மூன்று அளவுகளைக் கொண்டு பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பல மோடங்களில் உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும்.

முதல் அளவு `Line Attenuation`. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்பட்ட சிக்னல் வழியில் எவ்வளவு தேய்ந்து வந்திருக்கிறது என்பதை இது டெசிபலில் சொல்கிறது. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும் என்பது நடைமுறைக் கணக்கு. கம்பியின் நீளம் மாறாதவரை இந்த அளவும் ஏறத்தாழ மாறாது. திடீரென்று கூடினால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு துருப்பிடித்தோ நழுவியோ மின்தடை ஏறியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது `SNR Margin`. இப்போதைய வேகத்தைத் தாங்கத் தேவையானதைவிட, இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்பதே இது. 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் இணைப்பு நிம்மதியாக ஓடும். 6-க்குக் கீழே போனால் சிறு இரைச்சலும் அதை ஆட்டிவைக்கும். ஆனால் இதை வேகத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வேகத்துக்கு வரம்பு வைக்காத இணைப்புகளில், மார்ஜின் 6 டெசிபல் அளவுக்கு இறங்கும்வரை மோடமே வேகத்தை ஏற்றிக்கொள்வது வழக்கம். அங்கே 6 என்பது பழுதின் அறிகுறி அல்ல. இரவில் மத்திய அலை வானொலி நெடுந்தூரம் பரவுவதால் மார்ஜின் சற்று இறங்குவதும் இயல்புதான்.

மூன்றாவது பிழை எண்ணிக்கை. `FEC` என்பது மோடம் தானே திருத்திக்கொண்ட பிழைகள். அது ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கவலையில்லை. `CRC` என்பது திருத்த முடியாமல் போனவை. கவனிக்க வேண்டியது இதைத்தான். இந்த எண் மோடம் இணைந்த நேரத்திலிருந்து கூடிக்கொண்டே போவதால், மொத்தத்தைப் பார்த்துப் பயனில்லை. அரை மணி இடைவெளியில் இருமுறை குறித்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

முடிவைத் தருவது ஒப்பீடு. வெளிக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரோசெட் பெட்டியிலேயே மோடத்தை நேரடியாகச் சொருகி, ஸ்பிளிட்டர், கூடுதல் தொலைபேசிகள், உள்வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எக்ஸ்சேஞ்சிலிருந்து 2.5 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு வீடு. 8 மெகாபிட் வேகத்தில் தேய்மானம் 35 டெசிபல், மார்ஜின் 12. மழைக்குப் பிறகு, அதே வேகத்தில் தேய்மானம் 46, மார்ஜின் 4. காலை 10 மணிக்கு 180 ஆக இருந்த `CRC` 10.30-க்கு 2,580 ஆகிறது; நிமிடத்துக்கு 80 பிழை. ரோசெட்டில் நேரடியாகச் சொருகிய பிறகும் தேய்மானம் 45, மார்ஜின் 4.5, பிழை நிமிடத்துக்கு 78 என்றால் வீட்டு வயரிங் குற்றவாளி அல்ல. மழைநீர் புகுந்த கேபிள் ஜாயின்ட் போன்ற ஒன்று வெளியே இருக்கிறது. அதற்கு மாறாக 35, 12 என்று பழைய அளவுகள் திரும்பி, பிழையும் நின்றுவிட்டால், பழுது உள்ளேதான். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்தால் எது என்பது தெரிந்துவிடும்.

தேய்மானம் மாறாமல் மார்ஜின் மட்டும் விழுந்தால், கம்பி முழுதாக இருக்கிறது, இரைச்சல்தான் புதிது என்று பொருள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விழுந்தால், அந்த நேரத்தில் ஓடும் மலிவான அடாப்டர் போன்ற மின்கருவியை அணைத்துப் பார்க்கலாம். சாதாரணத் தொலைபேசி ஒன்றை ரோசெட்டில் இணைத்துக் கேட்பதும் உதவும். ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்தியபின் கரகரப்பு கேட்டால் அது வெளிக் கம்பியின் பழுது. இரு கம்பிகளில் ஒன்று அறுந்தால் பேச்சு அடியோடு நின்றுவிடும். இணையம் மட்டும் மிக அதிகத் தேய்மானத்தோடு தள்ளாடி ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மோடமே பழுதாயிருந்தாலும் ரோசெட்டில் அளவுகள் மோசமாகவே காட்டும். ஆகவே வேறொரு மோடத்தைச் சொருகிப் பார்த்த பிறகே வெளிக் கம்பியைக் குற்றம் சொல்ல வேண்டும். தெருக் கேபிளா, எக்ஸ்சேஞ்சில் உள்ள போர்ட்டா என்பதை வீட்டிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது. அதை லைன்மேன்தான் கம்பத்துப் பெட்டியிலும் எக்ஸ்சேஞ்சிலும் அளந்து சொல்ல வேண்டும். புகார் கொடுக்கும்போது ரோசெட்டில் எடுத்த அளவுகளையும் நேரத்தையும் பழைய அளவுகளோடு சேர்த்துக் கொடுத்தால், அவர் உள்வயரைத் தேடி நேரத்தைச் செலவிடாமல் நேராகக் கம்பத்திலிருந்து தொடங்கலாம்.