நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுக்குதா? படுக்கும் முன் 4 நிமிடம் போதும்

மூலனூரில் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி, திருப்பூரில் நாள் முழுக்க நின்றபடி பனியன் செக்கிங் பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்குக் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகுகிறது. "நரம்பு இழுத்துருச்சு" என்று அலறி எழுகிறார்.

உண்மையில் இழுப்பது எது?

இழுப்பது நரம்பல்ல, சதை. தூங்கும்போது நம் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் கெண்டைச் சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும். நாளெல்லாம் நின்று களைத்த சதைக்கு நரம்பிலிருந்து தேவையில்லாத தூண்டல் வந்தால், அது இன்னும் சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது.

தண்ணீரா, சத்துக் குறைவா?

வேலை நேரத்தில் அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். அயர்னிங் பகுதி வெக்கையில் வியர்வையும் உப்பும் வேறு வெளியேறும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் குறைந்தாலும் இழுக்கலாம். ஆனால் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் இவை சரியாகவே இருக்கும். வயதானவர்களின் கால் இழுப்பை மெக்னீசியம் மாத்திரை பெரிதாகத் தடுப்பதில்லை என்கிறது 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. எனவே பரிசோதிக்காமல் மெடிக்கலில் மாத்திரை வாங்காதீர்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்வது அவசியம்.

படுக்கும் முன் என்ன செய்வது?

2012-ல் நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் நடந்த ஆய்வில், 6 வாரம் தினமும் படுக்கும் முன் காலை நீட்டியவர்களுக்கு இழுப்பு குறைந்தது. இளைஞர்களிடம் அந்த ஆய்வு நடக்கவில்லை. ஆனாலும் செய்து பார்ப்பதில் செலவில்லை.

முதலில் சுவரைப் பார்த்து நின்று, இரு கைகளையும் அதில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து முட்டியை நேராக்குங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் உடலை முன்னால் சாயுங்கள். கெண்டை இழுபடுவது தெரியும். 10 விநாடி நின்று, 10 விநாடி தளர்த்துங்கள். ஒரு காலுக்கு 3 முறை. குதிகால் தூக்கினால் பலன் இல்லை.

அடுத்து, நாற்காலி மேல் காலை நீட்டி வைத்து, முதுகு வளையாமல் முன்னால் குனியுங்கள். பின்தொடை இழுபடும். அதே கணக்கு.

இழுக்கும்போது?

முட்டியை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். இழுத்த காலை ஊன்றி எழுந்து நின்றாலும் விட்டுவிடும்.

எப்போது டாக்டர்?

இழுப்பு விட்ட பிறகும் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவிவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்தால் வலித்து நின்றால் அடங்குவது, கால் மரத்துப்போவது, பலம் குறைவது ஆகியவையும் சாதாரண இழுப்பு அல்ல.