ரெஸ்யூமே எழுதக் கொடுக்கும் முன்
ரெஸ்யூமே மட்டும் ஒரு பேக்கேஜ், லிங்க்ட்இன் பக்கமும் சேர்த்தால் இன்னொன்று. எதுவானாலும், கேள்வியே கேட்காமல் ஒரே நாளில் தருகிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். "கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பில், எந்த மென்பொருள் என்று விசாரித்தால்தான் "மாதம் 400 பில்களை டேலியில் பதிந்து ஜிஎஸ்டி கணக்கோடு சரிபார்த்தேன்" என்ற வரி கிடைக்கும். விசாரிக்காமல் எண் போட்டால், இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்கு ரகசியம் அதைவிட முக்கியம். பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், எழுதியதை வாங்கி நீங்களே பதியுங்கள். அதற்கு முன், மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள். வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டினாலும், உங்கள் அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை. நௌக்ரியில் உங்கள் நிறுவனத்தைப் பெயர் சொல்லியே தடுத்து வைக்கலாம்.